புதுப்பிப்பு: ரவிக்கை வெட்டும் பாடமும் மாத வருமானமும்

நான் கேட்டிருந்தது: "சுங்கை சிப்புட்டில் தையல் சொல்லித் தர்றேன். வீடியோ பாடமா விற்றா மாசம் 2,000 வெள்ளி வருமா?"

ஓர் அக்கா கணக்குப் போட்டுக் காட்டினார். யுடெமி என்ற இணையப் பாடத் தளத்தில் 50 வெள்ளிப் பாடத்தை அந்தத் தளமே விற்றுக் கொடுத்தால் நமக்கு 37 சதவீதம், அதாவது 18.50. நாம் அனுப்பும் கூப்பனில் வாங்கினால் 97 சதவீதம், 48.50. வரி தனி.

"அப்போ கூப்பன் போதும்" என்றார் ஒரு தம்பி. பாதிதான் சரி. யாருக்கு அனுப்புவது? வாட்ஸ்அப்பில் 300 பேர் இருந்து நூற்றுக்கு இருவர் வாங்கினாலும் ஆறு பேர்தான், 291 வெள்ளி. அதுவும் ஒரே தடவை. 2,000க்கு மாதாமாதம் 42 புதுப் பேர் வேண்டும்!

அக்கா சொன்னபடி, ரவிக்கையில் கை பொருத்தும் ஆம்ஹோல் வளைவை வெட்டுவதை மட்டும் முதலில் பத்துப் பேருக்கு நேரலையில் நடத்தி, கேள்வி விழும் இடங்களை வீடியோ எடுக்கப் போறேன். விலைதான் இன்னும் முடிவாகலை.