புதுப்பிப்பு: 38 நிலையங்களும் ஒரே நொடியில் மோதிய கதை

போன வாரம் நான் கேட்டது: “ரப்பர் பால் கொள்முதல் நிலையங்களின் கணக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்குப் போகணும். சர்வர் விழுந்து எழுந்தால் திரும்பவும் விழுகிறதே, ஏன்?”

மார்த்தாண்டம் நண்பர் சொன்னபடி, தோற்ற பதிவேற்றத்தை மறுபடி முயலும் முன் காத்திருப்பை 5, 10, 20 நொடி என்று இரட்டிப்பாக்கினேன். பாதிதான் சரியானது. லாக்கைத் திறந்தால் 38 நிலையங்களின் பிழையும் ஒரே நொடியில்தான் நின்றது. எல்லோரும் சேர்ந்தே காத்திருந்து, சேர்ந்தே வந்திருக்கிறார்கள். எங்கள் டேட்டாபேஸ் 20 இணைப்பைத்தான் தாங்கும்.

தக்கலை அண்ணன் அனுப்பிய வரி தீர்த்து வைத்தது:

```python
time.sleep(random.uniform(0, min(300, 5 * 2**n)))
```

இதில் n என்பது எத்தனையாவது முயற்சி என்பது, 0-வில் தொடங்கும். இரட்டிப்பது உச்ச வரம்பு மட்டும். அதற்குள் எந்த நொடி என்பது அவரவர் குலுக்கல். n=5 வரும்போது 160 நொடிக்குள் 38 பேர், அதாவது சராசரியாக நாலு நொடிக்கு ஒருவர். ஒரு பதிவேற்றத்துக்கு 20 நொடி ஆனாலும் ஒரே நேரத்தில் ஐந்தாறு இணைப்புதான்.

n=0 முதல் 6 வரை ஏழு முயற்சியோடு நிறுத்திவிட்டேன். எல்லாக் காத்திருப்பும் உச்சத்திலேயே விழுந்தாலும் 615 நொடிதான், அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் முடிந்துவிடும். ஆனால் இணைப்பு பதிலில்லாமல் தொங்கினால் அந்த நேரமும் சேரும். அதனால் முந்தைய ஓட்டம் முடியாமல் இருந்தால் புதியது தொடங்காதபடி `flock -n` போட்டிருக்கிறேன்.

குளச்சல் தம்பி, உங்கள் பதிவேற்றமும் தோற்கிறது என்றீர்களே, உங்களுடையது பாஸ்வேர்டு காலாவதி. அதை எத்தனை முறை முயன்றாலும் திறக்காது, உடனே நிறுத்தி எச்சரிக்கை அனுப்புங்கள்.

ஒன்று மிச்சம். பதிவாகிவிட்டு பதில் மட்டும் வராமல் போனால், மறுமுயற்சியில் அதே பால் இரண்டு முறை ஏறுகிறது. ரசீது எண்ணைத் தனித்துவமாக்கப் பார்க்கிறேன்; பழைய ரசீதுகளில் எண்ணே இல்லை. அதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?