கட்டுரையில் சந்தேகம், கையில் ஆதாரம் இல்லை

கொழிஞ்சாம்பாறை டீச்சர்: பிளஸ் டூ தமிழ் மாணவி ஒருத்தி எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப்புழை ஆற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி எழுதித் தந்திருக்கிறாள். ஒரு பிழை இல்லை. வகுப்பில் அவள் எழுத்து இப்படி இருக்காது. ஏஐ எழுதியதாகவே படுகிறது, ஆதாரம் இல்லை. சி.இ. என்கிற தொடர் மதிப்பீட்டு மதிப்பெண் போட வேண்டும். என்ன செய்யட்டும்?

வேலந்தாவளம் குமார்: கண்டுபிடிக்கும் தளத்தில் போட்டுப் பாருங்கள். தொண்ணூறு சதவீதம் என்று வந்தால் பூஜ்யம்தான். விட்டுவிட்டால், உழைத்து எழுதிய பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

மீனாட்சிபுரம் செல்வி: குமார் சார், கடைசியில் கேட்டது நியாயம். ஆனால் அந்தச் சதவீதம் ஆதாரம் ஆகாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. மனிதர் எழுதியதிலேயே 9 சதவீதத்தை அது தவறாகப் பிடித்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் டோஃபல் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று வந்தது. அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்க முடிகிற எழுத்தைத்தான் இவை சந்தேகப்படுகின்றன. பாடப்புத்தக நடையிலேயே எழுதிப் பழகிய பிள்ளைதான் முதலில் மாட்டும்.

டீச்சர், 'நீ எழுதினாயா' என்று கேட்காதீர்கள். கட்டுரையைப் பற்றிக் கேளுங்கள். மணக்கடவில் 7.25 டி.எம்.சி. என்று எழுதியிருந்தால், அது யார் யாருக்குத் தர வேண்டியது, எங்கே படித்தாய், மூலத்தறையில் தண்ணீர் திறந்தும் கடைமடை ஏன் காய்கிறது என்று கேளுங்கள். அப்புறம் ஒரு பத்தியை உங்கள் முன்னால் கையால் எழுதச் சொல்லுங்கள்.

நகரி அப்பா: என் மகளை இப்படித்தான் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவளே எழுதியதுதான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்ததும் வாய் வரவில்லை. திருடி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மீனாட்சிபுரம் செல்வி: அண்ணா, அது விசாரணை. நான் சொல்வது வகுப்பில் எல்லாரிடமும் ஆளுக்கு இரண்டு கேள்வி. திணறினாலும் அது ஏஐக்கு ஆதாரம் இல்லை. விஷயம் புரியவில்லை என்பது மட்டும்தான் தெரியும். மதிப்பெண்ணை அதற்கு மட்டும் குறையுங்கள்.

வேலந்தாவளம் குமார்: அறுபது பிள்ளைகளிடம் கேட்க யாருக்கு நேரம்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்: இன்று எல்லாரிடமும் கேட்டேன். அப்பா வயலுக்கு முறைத் தண்ணீர் வருவதையும், மேல்மடைக்காரர் ராத்திரியில் மடையைத் திறந்துகொள்வதையும் அவள் நன்றாகச் சொன்னாள். கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை! 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் பற்றி எழுதிய பக்கத்தைத்தான் விளக்கத் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் நிறுத்தி வைத்து, வயல் விஷயத்தைச் சேர்த்து வகுப்பிலேயே திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வேலந்தாவளம் குமார்: அப்போது ஏஐ எழுதியதுதானே? தண்டனை எங்கே?

நகரி அப்பா: அண்ணன் சொல்லிக் கொடுத்ததாகவும் இருக்கலாமே சார்.