பயணத்தில் கையைச் சுட்ட பழைய விலைப்பட்டியல்

மதுரைப் பயணி
இணைப்பு இல்லாதபோதும் மடிக்கணினியில் நகல் இருக்கட்டும் என்று அலுவலகப் பொதுக் கோப்புறைக்கு விண்டோஸில் "Always available offline" போட்டு வைத்திருந்தேன். விடுதியில் விபிஎன் இணைந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. காலையில் வாடிக்கையாளரிடம் விலைப்பட்டியலைத் திறந்து 386 ரூபாய் என்றேன். அவர் எங்கள் அலுவலகம் முந்தைய நாள் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினார். அதில் 412. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. இணைப்பு இருந்தும் பழைய கோப்பு ஏன் வந்தது?

பட்டறைக்காரர்
மடிக்கணினியில் அந்த நகல்கள் இருக்கும் சேமிப்பு கெட்டிருக்கும். விண்டோஸ் பதிவேட்டில் FormatDatabase போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது. ஆனால் வேலைத்தளத்தில் மூன்று நாள் எழுதிய அளவுக் குறிப்புகள் சர்வருக்குப் போகாமலே அழிந்துவிட்டன.

சர்வர் அறைக்காரர்
பட்டறைக்கார அண்ணா, சரியானது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த வழி ஒத்திசையாத மாற்றங்களையும் சேர்த்தே அழிக்கும். மாற்றிய கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுக்காமல் யாரும் தொடக் கூடாது.

மதுரை நண்பரே, உங்கள் சேமிப்பு கெட்டிருக்காது. விண்டோஸ் 8 முதல், சர்வர் பதில் வர 35 மில்லிநொடிக்கு மேல் ஆனால் இணைப்பு மெதுவானது என்று முடிவுசெய்து, படிப்பதையும் எழுதுவதையும் மடிக்கணினியின் நகலிலேயே நடத்தும். விண்டோஸ் 7-இல் அந்த எல்லை 80. சர்வருடனான ஒத்திசைவு பின்னணியில், இடைவெளி விட்டுத்தான் நடக்கும். விடுதி வைஃபையில் விபிஎன் 35-ஐத் தாண்டுவது சாதாரணம். கோப்புறையில் நின்று கீழ்ப்பட்டையைப் பாருங்கள். "Offline (slow connection)" என்று இருந்தால் நீங்கள் பார்ப்பது உங்கள் நகல். இப்படி அளக்கலாம்:

```
ping சர்வர்பெயர்
```

கிளம்பும் முன் கோப்புறையை வலச் சொடுக்கி Sync கொடுங்கள். பிறகு Sync Center-இல் பிழையோ முரண்பாடோ நிற்கிறதா என்று பாருங்கள். முரண்பாட்டில் எந்தப் பதிப்பு என்று கேட்டால், அவசரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கூட்டாளியின் உழைப்பு ஒரு சொடுக்கில் போய்விடும். அந்த 35-ஐக் குழுக் கொள்கையில் உயர்த்தலாம், ஆனால் அப்புறம் ஒவ்வொரு கோப்பும் திறக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். நான் உயர்த்த மாட்டேன்.

புதுமடிக்கணினி
என் கணினியில் அந்த "Always available offline" வரியே இல்லை. நானும் வைஃபையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சர்வர் அறைக்காரர்
உங்களுடையது ஹோம் பதிப்பாக இருக்கும். அதில் இந்த வசதி கிடையாது, தம்பி. வைஃபைக்குச் சம்பந்தமில்லை.

மதுரைப் பயணி
இன்றும் அதே விடுதிதான். பிங் 58 காட்டுகிறது, கீழ்ப்பட்டையில் நீங்கள் சொன்ன அதே வரி. கையால் Sync கொடுத்தேன். மற்றவை வந்துவிட்டன, விலைப்பட்டியலில் மட்டும் பிழை. அலுவலகத்தில் யாரோ அதைத் திறந்து வைத்திருப்பதாலா, என் எக்செல் பின்னால் திறந்து கிடப்பதாலா என்று தெரியவில்லை. எக்செலை மூடிவிட்டு மறுபடி கொடுத்துப் பார்க்கிறேன்.