முதலில் எழுதும் மடிக்கணினியையே சாட்பாட் பரிந்துரைக்கிறது: எதை நம்புவது?

மண்டபத்திலிருந்து கேட்பவர்: கல்லூரியில் சேரவிருக்கும் தங்கைக்காக இராமநாதபுரத்துக் கடையொன்றில் இரண்டு மடிக்கணினிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் Core i3-1215U, மற்றொன்றில் Ryzen 5 7520U. இரண்டிலும் 8 ஜிபி ரேம், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ரைசனை முதலில் எழுதிச் சாட்பாட்டிடம் கேட்டபோது, அதில் ஆறு கோர்கள் இருப்பதாகவும் ரேமைப் பின்னர் 16 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லி அதையே வாங்கச் சொன்னது. இன்டெலை முதலில் எழுதிக் கேட்டால் இன்டெல் என்கிறது. எதை நம்புவது?

தொண்டி: 7520 என்பது 7000 வரிசை, ஆகவே புதியது, தயங்காமல் ரைசனையே வாங்குங்கள்.

பாம்பன்: எங்கள் வீட்டில் உப்புக் காற்று பட்டு இரண்டே ஆண்டில் யுஎஸ்பி துளைகள் துருப்பிடித்துவிட்டன. எதை வாங்கினாலும் மூடி வையுங்கள்.

கீழக்கரை: தொண்டிக்காரர் சொல்வதில் பாதி சரி. அந்த வரிசையில் முதல் இலக்கம் ஆண்டைத்தான் குறிக்கிறது; உள்ளே இருக்கும் கோரின் தலைமுறையைச் சொல்வது மூன்றாவது இலக்கம். இங்கே அது 2, அதாவது 2019இல் வந்த ஜென் 2. கோர்களும் நான்குதான். ரைசன் 5 என்றால் பெரும்பாலும் ஆறு கோர்கள் என்பதால், பெயரை வைத்துச் சாட்பாட் ஊகித்திருக்க வேண்டும். மேலும், இந்தச் சில்லு LPDDR5 ரேமை மட்டுமே ஏற்கும். அது பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருவதால் பின்னர் கூட்ட வழியில்லை. நான்கு ஆண்டுப் படிப்புக்கு வாங்கும்போது இதுவே பெரிய குறை.

கடையில் இயங்கும் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து இதை இயக்குங்கள்:

```
Get-CimInstance Win32_Processor | Select-Object Name, NumberOfCores
```

டாஸ்க் மேனேஜரில் ரேம் பக்கத்தில் Form factor என்ற இடத்தில் Row of chips என்றிருந்தால் அது பற்றவைத்த ரேம்.

பிறகு பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் விவரத்தாளை எடுத்து, நிறுவனப் பெயர்களை நீக்கி, "முதலாவது", "இரண்டாவது" என்று மட்டும் குறித்துப் புதிய உரையாடலில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கூற்றும் தாளின் எந்த வரியிலிருந்து வந்தது என்று காட்டச் சொல்லுங்கள். பின்னர் வரிசையை மாற்றி மீண்டும் கேளுங்கள். நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். ஆனால் சில்லின் பெயரை நீக்க முடியாது என்பதால், இன்டெல், ஏஎம்டி என்ற சாய்வு முழுவதும் போய்விடாது.

மண்டபத்திலிருந்து கேட்டவர்: நன்றி, காக்கா. இன்று கடைக்குச் சென்று பார்த்தேன். ரைசனில் கோர்கள் நான்கு, ரேம் Row of chips. இன்டெல் மாடலின் விவரத்தாளில் காலியான ரேம் ஸ்லாட் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. விவரத்தாளை ஒட்டிக் கேட்டபோது, வரிசையை மாற்றியும் இரண்டு முறையும் ஒரே விடை வந்தது, இன்டெல். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கு மட்டும் அது எந்த வரியையும் காட்டாமல் ஓர் எண்ணைச் சொல்கிறது.

கீழக்கரை: அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதே மாடலை வைத்திருப்பவர் யாரேனும் இங்கே இருந்தால் சொல்லட்டும்.