13-க்கு 3: டாமினேட்டிங் செட் ரிடக்‌ஷன்ல எங்க தப்பு பண்ணேன்?

முட்டம்_கரை
மாடல் எக்ஸாம் பேப்பர் இன்னைக்கு கைக்கு வந்துச்சு. கேள்வி: "வெர்டெக்ஸ் கவர் என்பி-ஹார்ட் எனக் கொண்டு, டாமினேட்டிங் செட் என்பி-ஹார்ட் என நிறுவுக." 13 மார்க்குக்கு 3. ஓரத்துல சிவப்பு மையில "திசை?"ன்னு ஒத்த வார்த்தை. கேக்கலாம்னா மிஸ் லீவு.

நான் எழுதினது: "டாமினேட்டிங் செட்டை வெர்டெக்ஸ் கவரா மாத்துவோம். வெர்டெக்ஸ் கவர் கஷ்டம், அதனால இதுவும் கஷ்டம்." அப்புறம் படம்: ஒவ்வொரு எட்ஜையும் வெட்டி நடுவுல ஒரு புது நோட். படமாவது சரியா? திங்கக்கிழமை பரீட்சை.

குழித்துறைக்காரன்
திசை மட்டும்தான் தப்பு. முதல் வரியைத் திருப்பிப் போட்டா முழு மார்க். எட்ஜுக்கு ஒரு புது நோட், முடிஞ்சுது. இதுக்குப் போயி இவ்ளோ பேசண்டாம்.

வடசேரி_வாத்தியார்
மக்களே, முதல்ல திசை. நீ எழுதினதுக்கு அர்த்தம், வெர்டெக்ஸ் கவருக்கு விடை தெரிஞ்சவன் டாமினேட்டிங் செட்டுக்கும் சொல்லிடுவான் என்பதுதான். அதுல கஷ்டம் எங்க வந்துச்சு? ஒரு எண் இரட்டைப்படையாங்கிற கேள்வியைக்கூட வெர்டெக்ஸ் கவரா மாத்தலாம். இரட்டைன்னா ஒரே ஒரு எட்ஜும் k=1-ம் கொடு, ஒற்றைன்னா அதே எட்ஜும் k=0-ம் கொடு. அதனால இரட்டைப்படை பாக்குறது கஷ்டமாயிடுமா? கஷ்டம்னு தெரிஞ்சதுல கிளம்பி, நிறுவ வேண்டியதுல போய் சேரணும்.

குழித்துறைத் தம்பி சொன்ன மாதிரி அதோட தீராது, படமும் தப்பு. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் மூணும் நோட். நாகர்கோவில்–தக்கலை ஒரு எட்ஜ், தக்கலை–மார்த்தாண்டம் இன்னொண்ணு. தக்கலை ஒண்ணே வெர்டெக்ஸ் கவர், k=1-க்கு "ஆம்". நீ எட்ஜை வெட்டி நோட் சொருகினா வரிசையா அஞ்சு நோட் வரும். எந்த ஒத்த நோட் எடுத்தாலும் தன்னையும் சேத்து மூணைத்தான் தொடும். விடை "இல்லை" ஆயிடுச்சு. பழைய எட்ஜ் அப்படியே இருக்கணும். புது நோட் பக்கத்துல நின்னு ரெண்டு முனையையும் தொடணும், முக்கோணம் மாதிரி. இப்போ தக்கலை மட்டும் எடுத்தா அஞ்சும் அடங்கும்.

கேட்_ரெண்டாவது_தடவை
இந்தத் திசையிலதான் நானும் ஒரு மார்க் விட்டேன். 2006 கேட் கேள்வி: S என்பி-கம்ப்ளீட், Q-வை S-ஆ மாத்தலாம், S-ஐ R-ஆ மாத்தலாம், எது என்பி-ஹார்ட்? R. பழைய பேப்பர் போடும்போது Q-ன்னு குறிச்சிட்டு வந்தேன். அதுல சும்மா டிக்குதான், எழுத வேண்டியதில்ல.

முட்டம்_கரை
சார், முக்கோணம் புரிஞ்சுது. குளச்சலையும் ஒரு நோட்டா வச்சு, அதுக்கு எட்ஜே இல்லன்னா?

வடசேரி_வாத்தியார்
சரியான இடத்துல கைய வச்ச. வெர்டெக்ஸ் கவருக்கு குளச்சல் ஒரு பொருட்டே இல்ல, தக்கலை போதும். டாமினேட்டிங் செட்டுக்கு குளச்சலையும் எடுத்தே ஆகணும், 1 என்பது 2 ஆயிடும். அதனால "எட்ஜ் இல்லாத நோட்களை முதலில் நீக்குக"ன்னு ஒரு வரி போடு. நிறைய பேரு விடுற வரி அது.

அடுத்தது திரும்பி வர்ற வழி. புது கிராஃபில k நோட்ல டாமினேட்டிங் செட் இருந்தா, பழையதுல k நோட்ல வெர்டெக்ஸ் கவர் இருக்குன்னு காட்டணும். செட்டுல புது நோட் வந்துட்டா என்ன செய்வ? அது தொடுறது தன்னையும் u, v-ஐயும் மட்டும்தான். அதைத் தூக்கிட்டு u-வை வை. அந்த மூணையும் u தொடும், எண்ணிக்கையும் கூடாது. இப்போ செட்டுல பழைய நோட் மட்டும்தான். ஒவ்வொரு புது நோட்டையும் தொட அதோட u-வோ v-யோ உள்ள இருந்தாகணும். அப்போ ஒவ்வொரு எட்ஜுக்கும் ஒரு முனை கிடைச்சாச்சு, அதுதான் வெர்டெக்ஸ் கவர். போற வழி சுலபம், அதை நீயே எழுதிடுவ. m எட்ஜுக்கு m நோட், 2m எட்ஜ் கூடுது, அதனால பாலினாமியல் டைம்னு ஒரு வரி.

குழித்துறைக்காரன்
புது நோட்டே டாமினேட்டிங் செட்டுல வரும்னு நான் யோசிக்கல. ஆனா டாமினேட்டிங் செட் என்பியில இருக்குன்னும் காட்டணும்ல சார்? அதுக்கும் மார்க் உண்டு.

வடசேரி_வாத்தியார்
கேள்வியில என்பி-கம்ப்ளீட்னு இருந்தா கட்டாயம். இங்க ஹார்ட் மட்டும்தான், தேவையில்ல.

குழித்துறைக்காரன்
எங்க காலேஜ்ல ஹார்டுன்னு கேட்டும் அது இல்லாததுக்கு 2 மார்க் போச்சு. நான் எழுதிட்டுத்தான் வருவேன்.

முட்டம்_கரை
நானும் ரெண்டு வரி சேத்து எழுதிடுறேன். வெர்டெக்ஸ் கவர் ஹார்டுன்னு கேள்வியில தரலேன்னா, 1972-ல கார்ப் போட்ட 21-ல அது இருக்குன்னு சொல்லி விட்டா ஏத்துப்பாங்களா, இல்ல சாட்ல இருந்தே தொடங்கணுமா?

வடசேரி_வாத்தியார்
நான் ஏத்துப்பேன். உன் பேப்பர் யார் கையில போகுதோ!