ஏஜென்ட்டை நிறுத்திய பிறகு வசூலாகும் பணத்துக்குக் கமிஷன் உண்டா?

செல்வம்: கோவை பம்ப் கம்பெனி. மதுரை, தேனி, திண்டுக்கல்லுக்கு ஏஜென்ட் போடுகிறோம், கமிஷன் 4%. ஒப்பந்தம் முடிந்தபின் வரும் பணத்துக்கும் தரணுமா? எப்படி எழுதுவது?

கணக்கர்: தர வேண்டாம். "வசூலாகும் நாளில் ஒப்பந்தம் நடப்பில் இருந்தால்தான் கமிஷன்" என்று ஒரே வரி போடுங்க. ஆள் போனபின் டீலர் பின்னால் அலைவது நம்ம ஸ்டாஃப்தானே.

தேனிக்காரன்: அந்த வரிக்குக் கையெழுத்துப் போடுகிற ஏஜென்ட் ஏமாளி. மார்ச் 10-ல் 6 லட்சத்துக்கு ஆர்டர் பிடிக்கிறான். 31-ல் நிறுத்துறீங்க. ஏப்ரல் 20-ல் சரக்கு போகுது, 45 நாள் கடன், ஜூன் 4-ல் பணம். 24,000 ரூபாய் அப்படியே உங்களுக்கு மிச்சம்.

வக்கீல் ராணி: 1872 ஒப்பந்தச் சட்டம் 219-ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வேலை முடிந்தபின்தான் ஊதியம் என்கிறது. ஆர்டர் பிடிப்பதோடு வேலை முடிந்ததா, பணம் வந்தால்தான் முடிந்ததா என்பதை எழுதாமல் விடுவதில்தான் சண்டையே. இப்படி எழுதலாம்: நிறுத்தும் தேதிக்குமுன் கம்பெனி ஏற்ற ஆர்டருக்கு, 90 நாளுக்குள் சரக்கு போனால், பணம் வந்ததும் முழுக் கமிஷன். நிலுவை ஆர்டர் பட்டியலில் 7 நாளுக்குள் இருவரும் கையெழுத்திட வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் 'அது என் ஆர்டர்' என்று நிரூபிப்பது கஷ்டம்.

தொகையையும் வரையறுங்க. ஜிஎஸ்டி, லாரி வாடகை நீங்கலான பில் தொகை. முன்கூட்டிப் பணம் கட்டியதற்கு 5% கழிவு கொடுத்தால் 5,70,000-க்குத்தான் கமிஷன், அதாவது 22,800. பிறகு 30,000-க்குச் சரக்கு திரும்பினால் 1,200 பிடித்தம்.

மணி88: எங்க கம்பெனியில் ரிசைன் பண்ணினா இன்சென்டிவ் கிடையாதே?

வக்கீல் ராணி: அது சம்பள ஊழியர் கதை. இங்கே கேட்பது ஏஜென்ட் பற்றி.

கணக்கர்: சரி, 90 நாள் ஒப்புக்கிறேன். ஆனால் வெளியே போய் எதிர்க் கம்பெனி பம்பை விற்கக் கூடாதுன்னு 2 வருஷம் போடணும். இல்லையென்றால் நிலுவையும் கிடையாது.

தேனிக்காரன்: 27-ஆம் பிரிவுப்படி அதெல்லாம் செல்லாது. எந்தத் தடையும் நிற்காது.

வக்கீல் ராணி: பாதி சரி. ஒப்பந்தம் முடிந்தபின் தொழில் தடை பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தம் நடக்கும்போது எதிர்க் கம்பெனி சரக்கு விற்காதே என்பதும், விலைப்பட்டியலை வெளியே கொடுக்காதே என்பதும் வேறு. அவை பொதுவாக நிற்கும்.

தேனிக்காரன்: ஏரியாவை விட்டுட்டீங்க. தேனி டீலர் நேரா கோவை ஆபீஸுக்கு போன் பண்ணி ஆர்டர் போட்டா?

வக்கீல் ராணி: 'தனி உரிமை' என்று எழுதினால் மட்டும் போதாது, நேரடி ஆர்டருக்கும் கமிஷன் என்று தனியாகச் சேர்க்கணும். கூடவே, பில் முகவரியா, சரக்கு இறங்கும் இடமா என்பதும். மதுரைக் கடைக்குப் பில் போட்டு விருதுநகரில் இறக்கினால் அதில்தான் இழுபறி.

கணக்கர்: அவர் சேர்த்த டீலர் ஆறு மாசம் கழிச்சு மறுபடி வாங்கினால்? அதுக்கு ஒரு பைசா தரமாட்டேன்.

தேனிக்காரன்: அந்த டீலரைக் கொண்டுவந்தது யாரு? பாதி விகிதமாவது தரணும்.

வக்கீல் ராணி: இந்த ஆறு மாதக் கணக்குக்குச் சட்டத்தில் விகிதம் எதுவும் இல்லை. பேரம்தான். கேட்பவர் கையெழுத்துக்கு முன்னால் கேட்கணும்.