கன்னத்தில் திட்டுத் திட்டாக நிற்கும் பிளஷ்: கிரீமா, ஜெல்லா, பவுடரா?

அடையாறு அனு: என்னுடையது மாநிறம். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும், கன்னம் மட்டும் வறண்டிருக்கும். ஃபவுண்டேஷன் போட்டு, காம்பாக்ட் பவுடர் ஒற்றிய பிறகு கிரீம் பிளஷ் தடவினால் திட்டுத் திட்டாக நிற்கிறது. அடுத்த மாதம் அண்ணனின் திருமண வரவேற்பு. கிரீமை விட்டு ஜெல்லோ பவுடரோ வாங்கலாமா? பிரான்சரும் தேவையா?

வேலூர் விஜி: யோசிக்கவே வேண்டாம், பவுடர் வாங்குங்கள். எண்ணெய்ச் சருமத்தில் கிரீம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பவுடர்தான் எண்ணெயை இழுத்துக்கொண்டு நிற்கும்.

பார்லர் பத்மா: விஜி சொல்வது எண்ணெய்க் கன்னத்துக்குச் சரி. அனுவுக்கு எண்ணெய் வழிவது மூக்கில். பிளஷ் போடுவதோ வறண்ட கன்னத்தில். அங்கே பவுடர் போட்டால் தோல் உரியும் இடங்களிலும் பூனை முடியிலும் போய் ஒட்டிக்கொண்டு, மாவு பூசியது போலத் தெரியும்.

அனு, கோளாறு கிரீமில் இல்லை, வரிசையில் இருக்கிறது. காம்பாக்ட்டின் உலர்ந்த தூளில் கிரீமின் எண்ணெய் பட்டதும் தூள் ஆங்காங்கே கட்டிக்கொள்கிறது. அதைச் சரிசெய்யத் தேய்த்தால் அடியில் இருக்கும் ஃபவுண்டேஷனும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஆகவே ஃபவுண்டேஷன் லேசாகப் பிசுபிசுக்கும்போதே கிரீமைப் போட்டுவிடுங்கள். நேராகக் கன்னத்தில் வைக்காமல், புறங்கையில் சிறிது எடுத்து விரலால் குழைத்து, ஒற்றி ஒற்றி வையுங்கள், இழுக்காதீர்கள். ஓரங்களை மட்டும் ஈர ஸ்பாஞ்சால் அமுக்கினால் போதும். காம்பாக்ட் அதற்குப் பிறகுதான், அதுவும் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும்.

வரவேற்பு முழுக்க நிற்க வேண்டுமென்றால், கிரீமின் மேல் அதே நிறப் பவுடர் பிளஷைப் பெரிய பிரஷால் மெல்லியதாக ஒற்றுங்கள். கிரீமின் பளபளப்பு கொஞ்சம் குறையும், நிறம் நீடிக்கும்.

ஜெல் ஜெயா: இத்தனை வேலை எதற்கு? ஜெல் பிளஷ் போட்டுப் பாருங்கள். கனமே தெரியாது, தோலே சிவந்தது போல இருக்கும். கடற்கரைக் காற்றிலும் வியர்வையிலும் கிரீமைவிட நன்றாக நிற்கிறது.

பார்லர் பத்மா: நிற்கும், மறுக்கவில்லை. சாயம் போலத் தோலில் ஏறிவிடுவதால்தான் நிற்கிறது. ஆனால் சில நொடிகளில் காய்ந்துவிடும். வைத்த இடத்தில் வட்டமாகப் பதிந்துவிட்டால் பரப்ப முடியாது. தோல் உரிந்த இடம் நிறத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், அங்கே புள்ளி புள்ளியாகத் தெரியும். ஃபவுண்டேஷன் இல்லாமல், மாய்ஸ்சரைசர் மட்டும் போட்ட முகத்துக்கு ஜெல் அருமை. அப்போதும் ஒரு கன்னத்தை முழுதாக முடித்துவிட்டு மறு கன்னத்துக்குப் போங்கள்.

ஜெல் ஜெயா: ஃபவுண்டேஷனுக்கு மேலும் நான் போடுகிறேனே, ஒன்றும் ஆகவில்லை.

பார்லர் பத்மா: உங்கள் கன்னம் வறண்டதா? அதைச் சொல்லவே இல்லையே.

மட்டக்களப்பு மாலா: நான் நல்ல கறுப்பு. நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? வெளிர் ரோஜா நிறப் பவுடர் எங்கள் கன்னத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். பெரும்பாலும் அதில் சேரும் வெள்ளை நிறமிதான் காரணம், எவ்வளவு குழைத்தாலும் போகாது. செங்கல், அடர் ஆரஞ்சு, திராட்சை நிறங்களை எடுங்கள். டப்பாவில் பார்க்கப் பயமாக இருக்கும், கன்னத்தில் அடங்கிவிடும். கடை விளக்கை நம்பாமல், தாடையோரம் தடவிப் பகல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள்.

சேலம் சுதா: பிரான்சர் போட்டால் வெயிலில் கறுத்த முகம் வெளுக்குமா? ஸ்கூட்டரில் போய் வந்து என் நெற்றி மட்டும் கறுத்துவிட்டது.

பார்லர் பத்மா: நேர் எதிர், சுதா. வெயில் பட்டுக் கறுத்த தோற்றத்தைத் தருவதற்குத்தான் பிரான்சர். உங்களுக்குத் தேவை சன்ஸ்கிரீன்.

வேலூர் விஜி: அப்படியானால் மாநிறத்துக்கு எதற்கு பிரான்சர்? வெள்ளைத் தோலுக்காகச் செய்ததை நம் தலையில் கட்டுகிறார்கள்.

பார்லர் பத்மா: பாதி உண்மை. வெளிர் நிறத்துக்கான பிரான்சர் மாநிறத்தில் தெரியவே தெரியாது, அல்லது ஆரஞ்சாகத் திரியும். ஆனால் ஃபவுண்டேஷன் போட்ட முகம் ஒரே நிறமாகத் தட்டையாகிவிடும். தோலைவிட இரண்டு படி அடர்ந்த செம்பழுப்பை நெற்றியோரமும் கன்னமேட்டின் மேலும் வைத்தால் முகத்துக்கு உயிர் வரும். அனுவுக்கு ஷிம்மர் இல்லாத கிரீம் பிரான்சர், பிளஷுக்கு முன்பாக. ஷிம்மர் பவுடர் கன்னத்துத் துளைகளை எடுத்துக் காட்டிவிடும்.

வேலூர் விஜி: வரவேற்பு மேடை விளக்கில் யார் துளையை எண்ணப்போகிறார்கள்? ஷிம்மர்தான் புகைப்படத்தில் எடுபடும்.

மட்டக்களப்பு மாலா: ஃபிளாஷ் அடித்தால் அது எண்ணெய் வழிவது போலத்தான் விழும், விஜி.

அடையாறு அனு: பத்மா அக்கா, கிரீமை முன்னதாகப் போட்டுப் பார்த்தேன், திட்டு இல்லை. ஆனால் மூக்கோரம், கன்னம் தொடங்கும் இடத்தில் மட்டும் பிளஷ் நழுவுகிறது. அங்கே எண்ணெயும் இருக்கிறது, வறட்சியும் இருக்கிறது. என்ன செய்வது?

பார்லர் பத்மா: அங்கே பிளஷே வேண்டாம். மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தொடங்குங்கள்.